நோன்பு மாதத்தில் பீரியட்ஸ் தள்ளிப்போவது ஏன்? எத்தனை நாள் வரை காத்திருக்கலாம்?

ரமலான் மாதத்தின் கடைசி வாரம். போனில் இருக்கும் பீரியட்ஸ் ஆப் 'ஆறு நாள் லேட்' என்று சிவப்பில் காட்டுகிறது. வழக்கமாக ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். நோன்பு வைத்ததால்தான் இப்படியா, இல்லை வேறு ஏதாவதா? திருமணமானவர் என்றால் இந்தக் கேள்வியில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கும்.

தோழியிடம் கேட்டால், "எனக்கும் அப்படித்தான் ஆச்சு, பெருநாள் முடிஞ்சா சரியாயிடும்" என்பார். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் உண்மை அல்ல. நோன்பு உங்கள் பீரியட்ஸைத் தள்ளிப்போட்டிருக்குமா, இல்லையா என்பதை ஓரளவு நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். அதற்கு ஒரு காலண்டரும், கடைசி பீரியட்ஸ் தொடங்கிய தேதியும் போதும்.

லேட் ஆவது பீரியட்ஸ் அல்ல

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 'பீரியட்ஸ் தள்ளிப்போச்சு' என்று சொல்கிறோமே, உண்மையில் தள்ளிப்போவது கருமுட்டை வெளியாகும் நாள், அதாவது ஓவுலேஷன்.

மாதச் சுழற்சிக்கு இரண்டு பாதிகள் உண்டு. பீரியட்ஸின் முதல் நாளில் இருந்து ஓவுலேஷன் வரை முதல் பாதி. ஓவுலேஷனில் இருந்து அடுத்த பீரியட்ஸ் வரை இரண்டாம் பாதி. இந்த இரண்டாம் பாதி பெரும்பாலானவர்களுக்கு சுமார் 14 நாட்கள். சிலருக்கு 12, சிலருக்கு 15 என்று இருக்கலாம். ஆனால் ஒரே பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் அது பெரிதாக மாறாது. கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் சிறு திசு ஒன்று புரோஜெஸ்டிரோன் சுரந்து கருப்பையின் உள்படலத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் திசுவுக்கு ஆயுளே இரண்டு வாரம்தான். கரு தங்கவில்லை என்றால் அது வாடிவிடும், படலம் உதிரும், பீரியட்ஸ் வந்துவிடும்.

நீள்வதும் சுருங்குவதும் பெரும்பாலும் முதல் பாதிதான். உணவு குறைந்தாலோ, தூக்கம் கலைந்தாலோ, அலுவலகத்தில் திடீரென்று நைட் ஷிஃப்ட் போட்டாலோ அடிபடுவது இந்தப் பகுதி. இரண்டாம் பாதியில் கடுமையாகப் பட்டினி கிடந்தால் அது ஓரிரு நாள் குறையலாமே தவிர, நீளாது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. நோன்பு தொடங்கும்போது உங்களுக்கு ஓவுலேஷன் முடிந்திருந்தால், அந்த முறை வர வேண்டிய பீரியட்ஸை நோன்பு தள்ளிப்போட முடியாது.

ஒரே பிஜி, இரண்டு காலண்டர்

இதை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். 2025-ல் இந்தியாவில் முதல் நோன்பு மார்ச் 2-ம் தேதி, பெருநாள் மார்ச் 31. பெங்களூருவில் ஒரே பிஜியில் தங்கி வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் சல்மா, நஸ்ரின். இரண்டு பேருக்குமே சுழற்சி 29 நாள், வருடக்கணக்கில் மாறாதது.

சல்மாவுக்குக் கடைசி பீரியட்ஸ் தொடங்கியது பிப்ரவரி 24. அடுத்தது மார்ச் 25-ல் வர வேண்டும். அதிலிருந்து 14 நாளைப் பின்னால் எண்ணினால் மார்ச் 11. அன்றுதான் ஓவுலேஷன் ஆக வேண்டும். நோன்பு தொடங்கிய மார்ச் 2 அவருக்குச் சுழற்சியின் 7-வது நாள். அந்த மாதத்துக்கான ஒரு முட்டைப்பை மற்றவற்றை முந்திக்கொண்டு வளரத் தொடங்கும் நேரம் அது. சரியாக அப்போது சாப்பாடும் தூக்கமும் தலைகீழாகின்றன. முட்டைப்பையின் வளர்ச்சி மெதுவாகி, ஓவுலேஷன் மார்ச் 21-க்குப் போய்விட்டால், பீரியட்ஸ் ஏப்ரல் 4-ல் வரும். பத்து நாள் லேட். பெருநாள் பிரியாணி எல்லாம் செரித்த பிறகு.

நஸ்ரினுக்குக் கடைசி பீரியட்ஸ் பிப்ரவரி 14. அடுத்தது மார்ச் 15-ல் வர வேண்டும். ஓவுலேஷன் மார்ச் 1, அதாவது முதல் நோன்புக்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. அதே சஹர், அதே இஃப்தார், அதே தூக்கக் குறைவு. ஆனாலும் அவருக்கு மார்ச் 15-ஐ ஒட்டி வந்தே தீர வேண்டும். வரவில்லை, மார்ச் 20 ஆகியும் வரவில்லை என்றால், நோன்பின் மீது பழிபோட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. கர்ப்பமா என்று பார்க்க வேண்டும்; இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். நஸ்ரினுக்கு மார்ச் 15-ல் சரியாக வந்து, அந்த நாட்களில் நோன்பை விட்டு, பிறகு மீண்டும் தொடர்ந்தால், ஏப்ரலில் வர வேண்டிய அடுத்த பீரியட்ஸ் தள்ளிப்போகலாம். சிலருக்கு ரமலானில் சரியாக வந்து, பெருநாளுக்குப் பிறகு குழப்பம் வருவது இதனால்தான்.

இதில் ஒரு பிடிமானம் இல்லாத இடம் உண்டு. உங்கள் ஓவுலேஷன் எந்த நாளில் நடந்தது என்று ஆப்புக்குத் தெரியாது. அது பழைய மாதங்களின் சராசரியை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும் வெள்ளைப்படுதல் எந்த நாட்களில் இருந்தது என்று உங்களுக்கு நினைவிருந்தால், அது ஆப்பைவிட நல்ல சாட்சி.

மூளை எதை எண்ணுகிறது?

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஓவுலேஷனுக்கு முந்தைய நாட்களில் சுமார் 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோன் துடிப்பை அனுப்புகிறது. அந்தத் துடிப்பைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்ற ஹார்மோனைத் துளித் துளியாக விடுகிறது. சினைப்பையில் முட்டைப்பை வளர்வது இந்தத் தாளத்தில்தான். போதுமான சக்தி உடலுக்குள் வரவில்லை என்று தெரிந்தால், துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி கூடுகிறது. தாளம் மெதுவானால் முட்டைப்பையும் மெதுவாக வளரும்.

இதற்கு உடல் எடை குறைந்தாக வேண்டிய அவசியம் இல்லை. கொழுப்பில் இருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், சாப்பாடு குறைந்த சில நாட்களிலேயே சரிந்துவிடும். எடை இயந்திரத்தில் மாற்றம் தெரிவதற்கு முன்பே. அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆன் லவுக்ஸ், ஜீன் துமா இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சீரான மாதவிடாய் உள்ள இளம் பெண்களுக்கு வெறும் 5 நாட்கள் உணவின் அளவையும் உடற்பயிற்சியையும் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். உடற்பயிற்சிக்குச் செலவானது போக மீதியிருக்கும் சக்தி, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனபோது எல்எச் துடிப்புகள் குறையத் தொடங்கின. பிற்காலத்து ஆய்வுகள் இந்த 30 எல்லோருக்கும் பொதுவான கோடு அல்ல, ஆளுக்கு ஆள் மாறும் என்கின்றன. ஆனாலும் ஒரு அளவுகோலாக அது பயன்படும்.

நம்ம சல்மாவின் தட்டை எடுத்துக்கொள்வோம். எடை 52 கிலோ, அதில் கொழுப்பு போக சுமார் 37 கிலோ. அதிகாலை 4.15-க்கு அலாரம். பசியே இருக்காது. டீ, ஜாம் தடவிய இரண்டு துண்டு பிரெட், ஒரு வாழைப்பழம். மாலை ஆறரைக்கு மூன்று பேரீச்சை, ஒரு சமோசா, ஒரு கிளாஸ் சர்பத், கொஞ்சம் பழத்துண்டுகள். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். தராவீஹ் முடித்து வந்தால் அசதி. ஒரு சப்பாத்தியோடு முடித்துக்கொள்கிறார். எல்லாம் சேர்த்து சுமார் 1,150 கலோரி. இதில் 'நோன்பு மாசத்துல வெயிட் குறைச்சிடலாம்' என்று இஃப்தாருக்கு முன் நாற்பது நிமிடம் வொர்க்அவுட் வேறு. அதில் 250 கலோரி போகிறது. மீதி 900. அதை 37-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 24. சாதாரண நாட்களில் அதே வொர்க்அவுட்டோடு 1,800 கலோரி சாப்பிடும்போது அது 42 ஆக இருந்தது.

பிரச்னை பதிமூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருந்ததில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே பிஜியில் இஃப்தாருக்குப் பிறகு முழுச் சாப்பாடும், சஹரில் முட்டையும் சப்பாத்தியும் சாப்பிடும் பெண்ணுக்கு மொத்தக் கணக்கு பெரிதாகக் குறைவதில்லை. நோன்பு வைக்கும் பெண்களில் பலருக்கு எந்த மாற்றமும் தெரியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாப்பாட்டு நேரம் மாறுவதைவிட, மொத்த அளவு குறைவதுதான் அதிகம் படுத்தும்.

தூக்கம் இதில் எங்கே வருகிறது? தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வரப் பத்து மணி, கொஞ்சம் போன், பதினொன்றரைக்குத் தூக்கம், நாலேகாலுக்கு விழிப்பு, தொழுகைக்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம், ஒன்பதரைக்கு மீட்டிங். தூக்கத்தின் மொத்த நேரம் குறைவதோடு, அது துண்டு துண்டாகவும் ஆகிறது. மூளையின் பகல் இரவுக் கடிகாரமும் இந்த ஹார்மோன் துடிப்புகளும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒன்றில் சத்தம் கேட்டால் இன்னொன்றுக்கும் கேட்கும். நைட் ஷிஃப்ட் மாறி மாறிப் பார்க்கும் நர்ஸ்களிடம் ஒழுங்கற்ற மாதவிடாய் கூடுதலாக இருப்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட ஒன்று.

ஈரானின் ஹமதான் நகரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த 80 மாணவிகளிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், ரமலானுக்கு முந்தைய மாதங்களில் சுமார் 11 சதவீதமாக இருந்த மாதவிடாய்க் கோளாறுகள், ரமலானில் 30 சதவீதமாக உயர்ந்து, பிறகு குறைந்தன. 15 நாட்களுக்கு மேல் நோன்பு வைத்தவர்களிடம் பாதிப்பு அதிகம். சிறிய ஆய்வு, ஹாஸ்டல் வாழ்க்கைக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் திரும்பிப் பார்த்தால் பெரும்பான்மையினருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது.

இது ரமலானுக்கு மட்டுமா?

இல்லை. அகமதாபாத், வதோதராவில் வேலை பார்ப்பவர்களுக்கு நவராத்திரி தெரியும். பகலெல்லாம் பழமும் ஜவ்வரிசிக் கிச்சடியும், இரவு பன்னிரண்டு மணி வரை கர்பா ஆட்டம். உள்ளே வருவது குறைவு, வெளியே போவது அதிகம், தூக்கமும் போச்சு. ஒன்பது நாள்தான் என்றாலும், அந்த ஒன்பது நாள் சுழற்சியின் முதல் பாதியில் விழுந்தால் சில நாள் தாமதத்துக்கு அதுவே போதும். சமண சமயத்தின் பர்யுஷண் காலத்தில் 'அட்டாய்' என்ற எட்டு நாள் விரதம் உண்டு; காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும், அதுவும் பகலில் மட்டும். சக்திக் கணக்கில் அது ரமலானைவிடப் பல மடங்கு கடுமை. ஆனால் மூன்றுக்கும் கணக்கு ஒன்றுதான்: எந்தத் தேதியில் தொடங்கியது, அப்போது நீங்கள் சுழற்சியின் எந்த நாளில் இருந்தீர்கள்?

மாத்திரை போட்டிருந்தால் கதையே வேறு

பலர் டாக்டரிடம்கூடச் சொல்லாமல் விடும் விஷயம் இது. நோன்பு இடையில் விடுபடக் கூடாது என்றோ, வீட்டில் பூஜை, கல்யாணம் என்றோ பீரியட்ஸைத் தள்ளிப்போட மாத்திரை போடுவது இந்தியா முழுக்கப் பழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம். பீரியட்ஸ் எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி, தினமும் மூன்று வேளை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் பொதுவாகப் பீரியட்ஸ் வந்துவிடும்.

மூன்று வேளை என்பதுதான் ரமலானில் சிக்கல். பகல் வேளை மாத்திரையை விட்டுவிட்டு சஹருக்கும் இஃப்தாருக்கும் மட்டும் போட்டால், ஹார்மோன் அளவு இறங்கி ஏறும். இடையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் படலாம். அதைப் பீரியட்ஸ் என்று நினைத்து அந்தத் தேதியை ஆப்பில் போட்டால், அடுத்த மாதக் கணக்கு முழுவதும் தவறாகிவிடும். இன்னொன்று, இந்த அளவில் போடும் நோரெதிஸ்டிரோன் கர்ப்பத்தடை மாத்திரை அல்ல. முன்பு ரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதைப் போடக் கூடாது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைத்தாலும், இது டாக்டர் எழுதித் தர வேண்டிய மருந்து. மாதவிடாய் நாட்களில் நோன்புக்கு விலக்கு உண்டு, விடுபட்டதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்கே தெரியும். இந்த மாத்திரை கட்டாயமான ஒன்றல்ல.

அவசர கர்ப்பத்தடை மாத்திரையும் ஓவுலேஷனைத் தள்ளிப்போட்டு பீரியட்ஸ் தேதியை மாற்றும். அந்த மாதம் அதைப் போட்டிருந்தால், நோன்பைக் குறை சொல்வதற்கு முன் அதைக் கணக்கில் எடுங்கள்.

டெஸ்ட் எப்போது? டாக்டர் எப்போது?

உடலுறவு இருந்திருந்தால், பீரியட்ஸ் லேட் ஆனதும் முதல் வேலை கர்ப்பப் பரிசோதனை. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓவுலேஷன் பத்து நாள் தள்ளிப்போயிருந்தால், கரு உருவாகியிருந்தாலும் அதுவும் பத்து நாள் தாமதமாகவே உருவாகியிருக்கும். ஆப் 'லேட்' என்று சொல்லும் நாளில் டெஸ்ட் செய்தால் ஒற்றைக் கோடு வரலாம். 'நல்லவேளை, இல்லை' என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்ய வேண்டும். பாதுகாப்பில்லாத கடைசி உடலுறவுக்கு மூன்று வாரம் கழித்தும் 'இல்லை' என்று வந்தால், அந்த முடிவை நம்பலாம். சஹருக்கு எழுந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன் போகும் முதல் சிறுநீரில் செய்யுங்கள். இஃப்தாருக்குப் பிறகு வரிசையாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் செய்தால் சிறுநீர் நீர்த்துப்போயிருக்கும். தொடக்க நாட்களில் முடிவு தவறாக வரலாம்.

இரட்டைக் கோடு வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ, தலைசுற்றி மயக்கமோ, ரத்தப்போக்கோ இருந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது அது. நோன்பு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கர்ப்பம் இல்லை, சல்மாவைப் போலத் தேதிகளும் பொருந்துகின்றன, மற்றபடி நன்றாக இருக்கிறீர்கள் என்றால் காத்திருக்கலாம். ஒன்றிரண்டு வாரத் தாமதம் இதில் வரக்கூடியதே. சாப்பாடும் தூக்கமும் பழையபடி திரும்பிய பிறகு பொதுவாக ஒன்றிரண்டு சுழற்சிகளில் தேதி ஒழுங்காகிவிடும். தள்ளி வந்த பீரியட்ஸில் ரத்தப்போக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து நனைந்தால் அது 'கொஞ்சம்' அல்ல, காட்ட வேண்டும்.

சீராக வந்துகொண்டிருந்தவருக்கு மூன்று மாதம் வரவே இல்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாத சிலரும் உண்டு. நஸ்ரினைப் போல நோன்புக்கு முன்பே ஓவுலேஷன் முடிந்தும் வராதவர்கள். மார்பில் பால் போல் கசிவு, அல்லது தலைவலியோடு பார்வை மங்கல் இருப்பவர்கள். காரணமில்லாமல் எடை ஏறுவது, இறங்குவது, படபடப்பு என்று தைராய்டு அறிகுறிகள் இருப்பவர்கள். ஆப்பைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்து, நோன்புக்கு முந்தைய ஆறேழு மாதங்களிலேயே 38, 45, 40 என்று இடைவெளி நீண்டிருந்தது தெரிந்தால், உங்கள் விஷயத்தில் ரமலான் வெறும் சாக்கு. பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள். 'வருஷா வருஷம் ரமலான்ல இப்படித்தான்' என்ற வார்த்தை பல வருடங்களுக்கு இதை மறைத்துவிடுவது உண்டு.

இன்னும் நோன்பு பாக்கி இருக்கிறதா?

சல்மா செய்த மாற்றங்கள் இரண்டுதான் என்று வையுங்கள். வொர்க்அவுட்டை அந்த மாதத்துக்கு நிறுத்திவிட்டு, நடையோடு விட்டார். சஹரில் பிரெட்டோடு இரண்டு முட்டையும், தராவீஹ் முடிந்து ஒரு சப்பாத்திக்குப் பதில் சோறும் குழம்பும் என்று 350 கலோரி கூட்டினார். கணக்கு 1,500, 37-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 40. சாதாரண நாளுக்கு அருகில் வந்துவிட்டது. இதனால் ஏற்கெனவே தள்ளிப்போன தேதி உடனே பின்வாங்காது. தடுமாறி நின்ற முட்டைப்பை மறுபடி வளர்ந்து, ஓவுலேஷன் நடந்து, அதிலிருந்து பதினான்கு நாள் ஆக வேண்டும். அதாவது இன்று நன்றாகச் சாப்பிடத் தொடங்கினால், பலன் தெரிய எப்படியும் மூன்று வாரம் பிடிக்கும்.

டாக்டரிடம் போவதாக இருந்தால் போனில் நான்கு தேதிகளைக் குறித்து எடுத்துப் போங்கள்: கடைசி மூன்று பீரியட்ஸ் தொடங்கிய நாட்கள், முதல் நோன்பு நாள். மாத்திரை எதுவும் போட்டிருந்தால் அதன் அட்டையையும். கேட்கச் சங்கடமாக இருக்கும் என்று அவர் கேட்காமல் விட்டாலும், நீங்களே எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள்.